பெட்ஷீட்டை வாராவாரம் துவைத்தும் ராத்திரித் தும்மல் ஏன் நிற்கவில்லை?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 36. மன்னார்குடிப் பக்கம் கிராமம். இரண்டு வருடமாக ராத்திரி படுத்த பத்து நிமிடத்தில் தும்மல் ஆரம்பிக்கிறது, வரிசையாகத் தும்மி மூக்கு அடைத்துக்கொள்கிறது. விடியற்காலையிலும் அதே கதை. பகலில் ஒன்றுமில்லை, மத்தியானம் சோபாவில் சாய்ந்தால் மட்டும் மூக்கு அரிக்கும். பெட்ஷீட்டை வாராவாரம் டெட்டால் ஊற்றி மெஷினில்தான் துவைக்கிறேன். மெத்தையும் தலையணையும் இலவம் பஞ்சு, கல்யாணத்துக்கு அம்மா வீட்டில் கொடுத்தது. அறையில் நெல் மூட்டை இருப்பதால்தான் என்கிறார் மாமியார். ஏசி போட்டால் சரியாகிவிடும் என்கிறார் வீட்டுக்காரர். டஸ்ட் மைட்டாக இருக்கும் என்று என் தங்கை சொல்கிறாள். மெத்தை, சோபா எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடவா? எப்படித் துவைத்தால் இது போகும்?

பதில்: எதையும் இப்போதே தூக்கிப் போடாதீர்கள். தலையணையை மட்டும் இன்றைக்கே அறையை விட்டு வெளியே வையுங்கள், மற்றதை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் தங்கை சொன்னது சரியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதை நீங்கள் எழுதியதிலிருந்தே சொல்ல முடிகிறது. நெல் தூசியோ வைக்கோல் தூசியோ காரணமாக இருந்தால் மூட்டையை நகர்த்தும்போது, களத்தில் நிற்கும்போது, தை மாத அறுப்பு நேரத்தில் பட்டப்பகலிலேயே தும்மித் தீர்த்திருப்பீர்கள். உங்களுக்கு வருவது தலை சாயும்போது, அதுவும் பஞ்சில் தலை சாயும்போது. கட்டில், சோபா, இந்த இரண்டு இடத்தில் மட்டும் மூக்கு கலாட்டா செய்கிறது என்றால் பிரச்சினை காற்றில் இருப்பதைவிட, நீங்கள் மூக்கைப் புதைக்கிற இடத்தில் இருக்கிறது என்றுதான் நான் முதலில் நினைப்பேன்.

டஸ்ட் மைட் என்கிற இந்தத் தூசிப்பூச்சி கால் மில்லிமீட்டர் அளவு, கண்ணுக்குத் தெரியாது. மூட்டைப்பூச்சி மாதிரி கடிக்காது, ரத்தம் குடிக்காது. நம் உடம்பிலிருந்து உதிர்கிற தோல் செதிலைத் தின்று இரண்டு மூன்று மாதம் வாழ்கிறது, அவ்வளவுதான். தொல்லை கொடுப்பது பெரும்பாலும் அதன் எச்சம். ஒரு பூச்சி ஒரு நாளைக்கு இருபது போல எச்சமிடும், அந்தத் துகளில் இருக்கிற ஒரு புரதம்தான் உங்கள் மூக்குக்கு ஆகாதது. பூச்சி செத்த பிறகும் அந்தப் புரதம் பஞ்சுக்குள் மாதக்கணக்கில் கிடக்கும். இதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் சொல்லப்போகிற துவையல் கணக்கு எல்லாம் தானாகப் புரியும், ஏனென்றால் வேலை இரண்டு: பூச்சியைக் கொல்வது ஒன்று, எச்சத்தை அலசி வெளியேற்றுவது இன்னொன்று. ஒன்றைச் செய்தால் மற்றது நடந்துவிடாது.

அந்த எச்சத் துகள் கொஞ்சம் கனமானது. மெத்தையைத் தட்டினால் எழும்பும், அரைமணி நேரத்துக்குள் மறுபடி கீழே படிந்துவிடும். ஃபேன் இறக்கையில் இருக்கிற தூசியைத் துடைத்துத் துடைத்துச் சலித்துப்போய் என்னிடம் வருகிறவர்கள் நிறைய. ஃபேனைத் துடையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் உங்கள் மூக்குக்கும் தலையணைக்கும் நடுவே இரண்டு அங்குலம்கூட இல்லை. ஒவ்வொரு முறை புரண்டு படுக்கும்போதும் அது ஒரு மடக்கு தூசியை மூக்குக்கு நேராகவே ஊதுகிறது.

சரி, வாராவாரம் துவைத்தும் ஏன் குறையவில்லை? நீங்கள் துவைப்பது மேலே விரிக்கிற துணியை. பூச்சி குடியிருப்பது அதற்குக் கீழே, பத்துப் பன்னிரண்டு வருடமாக ஒரு தடவைகூடத் தண்ணீர் படாத பஞ்சுக்குள். உங்கள் வியர்வை, தோல் செதில், மூச்சின் ஈரம் எல்லாம் ராத்திரி முழுக்க அங்கேதான் இறங்குகிறது. காலையில் துவைத்து விரித்த விரிப்பின் மேல் ராத்திரி தலை வைத்ததுமே கீழே இருந்து எச்சம் மேலே வந்துவிடும், விரிப்பின் நெசவு அதைத் தடுக்கிற அளவுக்கு நெருக்கம் கிடையாது.

இன்னொன்று, பச்சைத் தண்ணீர். பச்சைத் தண்ணீரில் துவைத்தால் எச்சத்தின் பெரும்பகுதி கரைந்து போய்விடும், அந்தப் புரதம் தண்ணீரில் கரையக்கூடியது. அந்த வகையில் உங்கள் வாராந்திரத் துவையல் வீண் இல்லை. ஆனால் பூச்சி சாகாது. நூலிழையைக் காலால் கவ்விக்கொண்டு மெஷின் சுற்றுகிற சுற்றில் அப்படியே உட்கார்ந்திருக்கும், காய்ந்ததும் வேலையைத் தொடரும். சோப்பும் அதைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. டெட்டால் கிருமிக்காக உள்ளது, துவைக்கிற தண்ணீரில் ஒரு மூடி ஊற்றுவதால் பூச்சி செத்துவிடும் என்று நம்பாதீர்கள். அந்த வாசனையே சிலருக்குத் தும்மலைக் கிளப்பும். பீரோவில் போடுகிற அந்துருண்டையைத் தலையணைக்குள் வைக்கிறவர்களும் உண்டு, தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள், வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அது நிஜமாகவே ஆபத்து.

துவைக்கிற வேலையைத் தொடங்கும் முன் ஒரு பரிசோதனை செய்து பாருங்கள். இதற்குச் செலவே கிடையாது, காவிரிக் கரையில் இருக்கிறவர்களுக்கு ரொம்பச் சுலபம். மெத்தையையும் தலையணைகளையும் சேர்த்து வேறு அறைக்கு மாற்றுங்கள், முடிந்தால் வேறு யாராவது தூக்கட்டும், நீங்கள் அந்த நேரத்தில் வீட்டுக்கு வெளியே இருங்கள். அறையை ஈரத்துணியால் துடைத்து, ஒரு மணி நேரம் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, வெறும் கட்டில் பலகையில் கோரைப்பாய் விரித்து அதன்மேல் வெந்நீரில் துவைத்த விரிப்பைப் போட்டுப் படுங்கள். தலைக்குத் துவைத்த துண்டு இரண்டை மடித்து வையுங்கள். கோரைப்பாயில் பூச்சி ஒளிந்துகொள்ள ஆழம் கிடையாது, அலசிக் காயப்போடவும் முடியும். பழைய பாயாக இருந்தால் முதலில் கழுவி வெயிலில் நன்றாகக் காயவையுங்கள், மக்கிய பாய் அதன் பங்குக்குப் பூஞ்சைத் தூசியைக் கிளப்பும்.

இப்படி மூன்று வாரம். முதல் இரண்டு நாளில் தீர்ப்பு சொல்லிவிடாதீர்கள், வீங்கியிருக்கிற மூக்கு அடங்கவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். மத்தியானம் சோபாவுக்கும் விடுமுறை கொடுங்கள், இல்லையென்றால் கணக்கு குழம்பிவிடும். மூன்றாவது வாரத்தில் தும்மல் பாதிக்கு மேல் குறைந்திருந்தால் பஞ்சுதான் குற்றவாளி, அதற்குப் பிறகு காசு செலவு செய்வதில் அர்த்தம் இருக்கிறது. துளியும் குறையவில்லை என்றால் உறை வாங்குவது, சோபாவை மாற்றுவது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள். ஊசி முனையால் தோலில் கீறிப் பார்க்கிற ஒவ்வாமைப் பரிசோதனை இருக்கிறது, பெரிய மருத்துவமனைகளில் செய்கிறார்கள். அதில் பூச்சிக்குப் பாசிட்டிவ் வந்தாலும் அது மட்டுமே காரணம் என்று முடிவாகிவிடாது. உங்கள் அறிகுறியோடு பொருந்தினால்தான் அதற்கு மதிப்பு. அதனால்தான் பாய்ப் பரிசோதனையை முதலில் சொன்னேன்.

இப்போது துவையல். பூச்சி சாக வேண்டும் என்றால் துணியும் தண்ணீரும் சேர்ந்து 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் சற்று நேரம் இருக்க வேண்டும். 60 என்று வைத்துக்கொண்டால் பிசகாது. நாம் வெந்நீர் என்று சொல்லிக் குளிப்பது 40 டிகிரி சுற்றி. கையை முக்கி வைத்துக்கொள்ள முடிகிற சூடு என்றால் பூச்சிக்கும் அது சுகமான குளியல்தான். கீசரிலிருந்து மெஷினுக்குக் குழாய் வைத்திருக்கிறோம் என்று சிலர் சொல்வார்கள், அந்தத் தண்ணீர் குழாயில் கொஞ்சம், டிரம்மில் கொஞ்சம், துணியில் கொஞ்சம் என்று சூட்டை இழந்து கடைசியில் 45-க்கு வந்து நிற்கும். முன்பக்கம் திறக்கிற மெஷினில் ஹீட்டர் இருந்தால் 60 டிகிரி என்று ஒரு தேர்வு இருக்கும், அதைப் போட்டால் போதும், மேற்கொண்டு இந்தப் பத்திகளைப் படிக்க வேண்டியதில்லை. மேலே திறக்கிற சாதாரண மெஷினில் கொதிநீரை நேராக ஊற்றாதீர்கள், பிளாஸ்டிக் பாகங்கள் வீணாகும்.

உங்கள் வீட்டில் நெல் அவிக்கிற அண்டா ஒன்று கொல்லையில் கிடக்கும், அதுவே இதற்குப் போதும். இருவர் படுக்கிற கட்டில் என்று வைத்துக்கொள்கிறேன்: ஒரு இரட்டை விரிப்பு, நான்கு தலையணை உறை, ஒரு மெல்லிய போர்வை, எல்லாம் சேர்ந்து உலர்ந்த நிலையில் இரண்டு கிலோவுக்குப் பக்கம் வரும். பத்து லிட்டர் தண்ணீரை நன்றாகத் தளதளவென்று கொதிக்க விடுங்கள். இறக்கி, குழாய்த் தண்ணீர் பத்து லிட்டர் சேருங்கள். கொதிநீர் 100, நம் ஊர்த் தொட்டித் தண்ணீர் 30 என்றால் பாதிக்குப் பாதி கலந்தால் 65 வரும். அதில் துணியை உலர்ந்தபடியே போடுங்கள். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். முதலில் பச்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பிறகு வெந்நீரில் போடுவார்கள். ஈரத்துணி தன்னோடு நாலைந்து லிட்டர் குளிர்ந்த தண்ணீரைச் சுமந்துகொண்டு வரும், போட்டவுடனே சூடு 60-க்குக் கீழே போய்விடும். உலர்ந்த துணி ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரிக்கு மேல் இறக்காது.

ஒரு கம்பால் அழுத்தித் துணி முழுக்க முங்கும்படி செய்து, தட்டு போட்டு மூடி, மேலே ஒரு சாக்கைப் போர்த்தி அரைமணி நேரம் விட்டுவிடுங்கள். குழந்தைகள் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், நெருப்புப் புண்ணோடு ஒப்பிட்டால் தும்மல் ஒரு வியாதியே இல்லை. சமையலுக்கு விற்கிற வெப்பமானி ஒன்று இருந்தால் முதல் இரண்டு தடவை மட்டும் அளந்து பாருங்கள், அரைமணி முடிவில் 55-க்குக் கீழே போயிருந்தால் அடுத்த தடவை கொதிநீரை இரண்டு லிட்டர் கூட்டிக்கொள்ளலாம். அரைமணி ஆனதும் பூச்சி வேலை முடிந்தது. அப்புறம் துணியை மெஷினில் போட்டு வழக்கமான சோப்புத்தூளில், சாதாரணத் தண்ணீரில் துவைத்து, இரண்டு முறை அலச விடுங்கள். எச்சம் போவது இந்த அலசலில்தான். ஒரு அலசலோடு நிறுத்தி மெஷின் நேரத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்.

ரத்தக்கறை, பால் கறை, குழந்தை மூத்திரம் இருந்தால் அந்த இடத்தை மட்டும் முன்னாலேயே பச்சைத் தண்ணீரில் கசக்கிவிட வேண்டும், சூட்டில் கறை இறுகிவிடும். சாயம் போகிற விரிப்பு, அடர்ந்த சிவப்பு நீலம் போட்ட ஜமக்காளம் போன்றவை இதைத் தாங்காது. அவற்றைப் படுக்கையிலிருந்து விலக்கிவிட்டு, வெளிர் நிறத்தில் கெட்டியான பருத்தி விரிப்பு மூன்று செட் வைத்துக்கொள்வது நல்லது. கரூர் விரிப்புகள் வெந்நீருக்குத் தாங்கும், ஆனாலும் முதல் தடவை தனியாகப் போட்டு சாயம் விடுகிறதா என்று பாருங்கள், கொஞ்சம் சுருங்கவும் செய்யும். வாரம் ஒரு முறை இந்த வெந்நீர் வேலை முடியவில்லை என்றால் வாரம் ஒரு முறை பச்சைத் தண்ணீர், பதினைந்து நாளுக்கு ஒரு முறை வெந்நீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒழுங்காகச் செய்தாலே போதும். தலையணை உறைக்கு மட்டும் வாரா வாரம் வெந்நீர். நாலு உறைக்கு ஒரு சின்னப் பாத்திரம் போதுமே.

வெயிலில் போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். பங்குனி, சித்திரை வெயிலில் மொட்டை மாடித் தரையில் காலே வைக்க முடியாது, அங்கே நண்பகலில் விரித்து, ஒரு மணி நேரத்தில் திருப்பிப் போட்ட விரிப்பில் பூச்சி பெரும்பாலும் காய்ந்து செத்துப்போகும். மெல்லிய துணிக்கு வெயில் நல்ல மருந்து. மெத்தைக்கு மேல்தோல் மட்டும்தான் சூடாகும், நடுப்பஞ்சில் சூடு இறங்குவதற்குள் சாயங்காலம் வந்துவிடும், பூச்சியும் உள்ளே நகர்ந்துகொள்ளும். வெயில் எச்சத்தை அழிக்காது என்பதையும் மறக்காதீர்கள். அதனால்தான் வெயிலில் காயப்போட்டுத் தட்டி உள்ளே கொண்டுவந்த மெத்தையில் அன்றைக்கு ராத்திரியே சிலருக்குத் தும்மல் கூடுகிறது: செத்த பூச்சியும் எச்சமும் பொடிப்பொடியாக மேலே வந்து நிற்கிறது. தட்டுவது என்றால் வாசலில், காற்றுத் திசை பார்த்து, ஒவ்வாமை இல்லாத ஒருவர் தட்டட்டும்.

மெத்தைக்கு வருவோம். இலவம் பஞ்சைத் துவைக்க முடியாது. பஞ்சுக்கடையில் கொடுத்து அடித்து, புது உறை போட்டுத் தைத்து வாங்குகிற வழக்கம் நம் ஊர்களில் உண்டு. மெத்தை மேடு பள்ளம் இல்லாமல் வரும், படுக்க நன்றாக இருக்கும், ஆனால் பன்னிரண்டு வருட எச்சத்தில் பெரும்பங்கு அதே பஞ்சோடு திரும்பி வரும். ஒவ்வாமைக்கு அதை ஒரு வைத்தியமாக நினைக்க வேண்டாம். தலையணை என்றால் பேச்சே இல்லை, மாற்றிவிடுங்கள். துவைக்கக்கூடிய ஃபைபர் தலையணை போதும். அதுவும் நிரந்தரத் தீர்வு இல்லை, ஃபைபரிலும் பூச்சி ஏறும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதையும் மேலே சொன்ன வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, உள்ளே ஈரம் இல்லாமல் இரண்டு நாள் வெயிலில் காயவைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் தலையணையைத் துவைக்காதீர்கள். காயாது, உள்ளே பூஞ்சை பூத்துவிடும். நவராத்திரிக்கு முன்னால் ஒரு தடவை, பொங்கலை ஒட்டி வெயில் வந்ததும் ஒரு தடவை.

மெத்தையைத் தூக்கிப் போட மனசு வராது, அம்மா வீட்டுச் சீர் வேறு. அதற்கு ஜிப் வைத்த முழு உறை இருக்கிறது, ஆறு பக்கமும் மூடுவது. சாதாரண மெத்தை உறை இல்லை, நெசவு இடைவெளி பத்து மைக்ரானுக்கும் குறைவாக இருக்க வேண்டும், எச்சத் துகளில் பெரும்பாலானவை அதைவிடப் பெரியவை. வாங்கும்போது அட்டையில் அந்த அளவைத் தேடுங்கள், வெறுமனே ஆன்டி அலர்ஜி என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள். பிளாஸ்டிக் உறை விலை குறைவு, பூச்சியையும் தடுக்கும், ஆனால் நம் ஊர்ச் சித்திரையில் அதன்மேல் படுத்தால் முதுகு வியர்த்துத் தூக்கமே வராது. ஜிப்பின் பற்களிலும் கசியும் என்பதால் அதன்மேல் ஒரு டேப் ஒட்டிவிடுவது நல்லது. உறையை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஈரத்துணியால் துடைத்தால் போதும், கழற்ற வேண்டாம், கழற்றினால் இதுவரை உள்ளே அடைத்து வைத்ததெல்லாம் வெளியே வரும்.

இந்த உறை விஷயத்தில் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும், விற்கிறவர்கள் சொல்ல மாட்டார்கள். 2003-இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில், ஒன்று ஆஸ்துமாக்காரர்களிடம், மற்றது மூக்கு ஒவ்வாமைக்காரர்களிடம், உறையை மட்டும் போட்டதால் தொல்லை குறையவில்லை. மெத்தையில் பூச்சி எச்சத்தின் அளவு குறைந்தது, மூக்குக்கு அது போதவில்லை. என் அனுபவமும் அதேதான். உறை, வெந்நீர்த் துவையல், அறையின் ஈரம் குறைப்பது, மருந்து, நான்கும் சேர்ந்தால்தான் நோயாளி நன்றாகத் தூங்கினேன் என்று சொல்கிறார். அதனால் ஆயிரக்கணக்கில் உறைக்குக் கொடுக்க இப்போது கையில் காசு இல்லை என்றால் கவலை வேண்டாம், பாயிலேயே தொடருங்கள். முதுகு வலிக்கிறது என்றால் பாய்க்கும் விரிப்புக்கும் நடுவே துவைக்கக்கூடிய போர்வை இரண்டை மடித்துப் போட்டுக்கொள்ளலாம்.

அறையின் ஈரம் என்றேன். இந்தப் பூச்சி தண்ணீர் குடிப்பதில்லை, காற்றில் இருக்கிற ஈரத்தை உடம்பால் உறிஞ்சித்தான் உயிர் வாழ்கிறது. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே சில வாரம் இருந்தால் வற்றிச் செத்துப்போகும். நம் டெல்டாவில் வாய்க்கால், வயல், கடல் காற்று, வடகிழக்குப் பருவமழை எல்லாம் சேர்ந்து அதற்கு விருந்து வைக்கிறது. முழு அறையையும் 50-க்குக் கீழே கொண்டுவருவது இங்கே நடக்கிற காரியம் இல்லை, ஆனால் நாமே ஈரத்தைச் சேர்க்காமல் இருக்கலாம். மழைக்காலத்தில் படுக்கை அறையில் கொடி கட்டி ஈரத்துணி காயப்போடுகிறீர்களா? எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் கார்த்திகை முழுக்கக் கட்டிலுக்கு மேலேயே கொடி, ஜன்னல் சாத்தியபடி. கொடியைத் திண்ணைப் பக்கம் மாற்றிய பிறகுதான் அந்தப் பெண்மணியின் மருந்து வேலை செய்யவே ஆரம்பித்தது. தண்ணீர் ஊற்றுகிற ஏர்கூலரும் அப்படித்தான், மூடிய அறையில் ஓட்டினால் சுவரே பிசுபிசுக்கும். உங்கள் வீட்டுக்காரர் சொல்கிற ஏசி இந்த வகையில் உதவும், அது காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிந்து வெளியே விடுகிறது. ஆனால் ஃபில்டரை மாதம் ஒரு தடவையாவது கழுவ வேண்டும், முகத்துக்கு நேராகக் குளிர்காற்று அடித்தால் அதற்கே தும்முகிற மூக்கும் உண்டு. தும்மலுக்காக மட்டும் ஏசி வாங்கச் சொல்ல மாட்டேன். காலையில் எழுந்ததும் படுக்கையை மடித்து அழகாக மூடி வைக்காமல் விரித்துப்போட்டு, ராத்திரி ஈரம் ஆறும்வரை ஜன்னலைத் திறந்து ஃபேனை ஓட விடுங்கள். இதற்குக் காசே வேண்டாம்.

உங்கள் மாமியாரும் முழுக்கத் தப்பு சொல்லவில்லை. சேமித்து வைத்த தானியத்தில் வாழ்கிற வேறு வகைப் பூச்சிகள் உண்டு, நம் தூசிப்பூச்சிக்கு நெருங்கிய உறவு, அதுவும் ஒவ்வாமை தரும். படுக்கிற அறையில் நெல் மூட்டை இருக்கக் கூடாது என்பதில் நானும் அவர் கட்சி. அத்தை சொன்னபடியே மூட்டையை மாற்றிவிட்டேன் என்று சொல்லிவிட்டு, அதோடு தலையணையையும் மாற்றிவிடுங்கள், வீட்டில் சண்டை மிச்சம்.

சோபா கடைசி, ஏனென்றால் நீங்கள் அதில் இருப்பது ஒரு மணி நேரம், படுக்கையில் ஏழெட்டு மணி நேரம். துணி சோபாவின் ஸ்பாஞ்சை வெந்நீரில் போட முடியாது, ஈரமாக்கினால் உள்ளே காயாமல் நிலைமை மோசமாகும். நீராவி மெஷின் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சோபா சுத்தம் செய்கிறார்கள், மேற்பரப்பில் பூச்சி சாகும், ஆனால் அன்று முழுக்க ஃபேன் போட்டு உலர்த்தாவிட்டால் நாமே ஈரம் ஊட்டியதாகத்தான் ஆகும். சாதாரண வாக்குவம் கிளீனர் வீட்டில் இருந்தால் ஒரு எச்சரிக்கை: பூச்சியை அது இழுக்காது, எச்சத்தில் பொடியானதைப் பின்பக்கம் வழியாக அறைக்குள் ஊதிவிடும். நுண்ணிய தூசியையும் பிடித்து வைக்கிற ஹெப்பா ஃபில்டர் இருந்தால் சரி. இல்லையென்றால் நீங்கள் வெளியே இருக்கும்போது வேறொருவர் செய்யட்டும். தலை சாய்கிற இடத்தில் கெட்டியான பருத்தித் துணி ஒன்றைப் போட்டு வாராவாரம் வெந்நீரில் துவையுங்கள், சோபாவின் உறை கழற்றக்கூடியதாக இருந்தால் அதையும் சேர்த்து. மத்தியானத் தூக்கத்தை மட்டும் பாய்க்கு மாற்றிவிடுங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே போய்விடும். பிற்பாடு புதிதாக வாங்குகிற காலம் வந்தால் கொள்ளிடம் பக்கம் தைக்காலில் பிரம்பு நாற்காலி பின்னிக் கொடுக்கிறார்கள், அதில் துவைக்கிற மாதிரி மெல்லிய திண்டு போட்டுக்கொள்ளலாம். குழந்தையின் கரடி பொம்மை படுக்கையில் இருக்குமானால் பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீசரில் ஒரு நாள் வைத்து, பிறகு அலசிக் காயவையுங்கள். குளிரில் பூச்சி சாகும், அலசினால்தான் எச்சம் போகும்.

மருந்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இரண்டு வருடம் தும்மிய மூக்கு துணி துவைத்ததால் மட்டும் அடங்கிவிடாது. மருந்துக் கடையில் கிடைக்கிற மூக்கடைப்புச் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் போடாதீர்கள், பழகிவிட்டால் அந்த மருந்தே மூக்கை அடைக்கும். டாக்டர் எழுதிக் கொடுக்கிற ஸ்டீராய்டு ஸ்பிரே மூக்குக்குள் மட்டும் வேலை செய்வது, அளவோடு போட்டால் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் தினமும் போட வேண்டும், முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் வரை ஆகும். தும்மும்போது மட்டும் அடித்துவிட்டுப் பலிக்கவில்லை என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். ராத்திரியில் இருமல், நெஞ்சில் விசில் சத்தம், மூச்சு இழுப்பு இருந்தால் பாய்ப் பரிசோதனைக்கெல்லாம் காத்திருக்காமல் உடனே போய்க் காட்டுங்கள், அது மூக்கோடு நிற்கவில்லை என்று அர்த்தம். ஒரு பக்க மூக்கு மட்டும் எப்போதும் அடைத்திருப்பது, ரத்தம் கலந்து சளி வருவது இரண்டுக்கும் பூச்சியைக் குற்றம் சொல்ல முடியாது, அதையும் காட்டிவிட வேண்டும்.

மூன்று வாரம் பாயில் படுத்த பிறகு தும்மல் எப்படி இருக்கிறது, விடியற்காலையில் குறைந்ததா அல்லது படுத்தவுடன் வருவது மட்டும் குறைந்ததா என்று எழுதுங்கள். இரண்டில் எது முதலில் குறைகிறது என்பதை வைத்து மெத்தைக்கு உறை வாங்குவதா, மருந்தை ஆரம்பிப்பதா என்று சொல்கிறேன்.